எட்டு, ஐந்து, இரண்டு: ஓர் உணவக மென்பொருளில் ஏஜைலும் வாட்டர்ஃபாலும்

சிங்கப்பூரில் 2021ஆம் ஆண்டில் உணவகம் நடத்தியவர்களுக்கு ஒரு மேசையில் எத்தனை பேர் அமரலாம் என்பது அன்றாடக் கேள்வியாக இருந்தது. கொவிட்-19 கட்டுப்பாடுகளின்படி அந்த எண் எட்டாக இருந்து ஐந்தாகி, பிறகு கடையில் அமர்ந்து உண்பதே நின்று, இரண்டாகத் திரும்பி வந்து, மீண்டும் ஐந்தாகி, மறுபடியும் நின்றது. லிட்டில் இந்தியா வட்டாரத்தில் மூன்று கிளைகள் கொண்ட ஒரு தென்னிந்திய உணவகம் தனக்கென முன்பதிவு மென்பொருள் எழுதச் சொன்னது இதே ஆண்டில்தான். ஒரு கட்டத்தை முழுதாக முடித்த பிறகே அடுத்த கட்டத்துக்குப் போகும் வாட்டர்ஃபால் முறையில் தொடங்கிய பணி, சிறு சிறு பகுதிகளாகச் செய்து காட்டி அவ்வப்போது திருத்திக்கொள்ளும் ஏஜைல் முறைக்கு நடுவழியில் மாறியது. தேவைகள் மாறிக்கொண்டே இருக்கும் பணிக்கு எந்த முறை பொருந்தும் என்ற கேள்விக்கு இதைவிடக் கடுமையான சோதனை எளிதில் கிடைக்காது என்பதால் அந்தப் பணியின் போக்கை இங்கே பதிவு செய்கிறேன். ஒப்பந்தச் சிக்கல் முற்றிய நிலையில், இரு தரப்புக்கும் பொதுவான ஆலோசகராக ஜூன் மாதம் நான் அழைக்கப்பட்டேன். உணவகத்தையும் மென்பொருள் நிறுவனத்தையும் அடையாளம் காட்டக்கூடிய விவரங்களைத் தவிர்த்திருக்கிறேன்.

ஒப்பந்தம் எப்படி இருந்தது

2021 ஜனவரியில் கையெழுத்தான ஒப்பந்தம், சிங்கப்பூரின் சிறு நிறுவனங்கள் மென்பொருள் வாங்கும் வழக்கமான வடிவத்தில்தான் இருந்தது. மொத்த விலை முன்கூட்டியே நிர்ணயிக்கப்பட்டிருந்தது. பிப்ரவரி இறுதிக்குள் தேவைகள் ஆவணத்தில் உரிமையாளர் கையெழுத்திட வேண்டும். மார்ச்சில் வடிவமைப்பு, மே இறுதி வரை நிரல் எழுதுதல், ஜூனில் சோதனை, ஜூலை முதல் வாரத்தில் பயன்பாட்டுக்கு வருதல் என்று பணி அடுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு கட்டம் முடியும்போதும் ஒரு தவணை. முடிந்த கட்டத்துக்குத் திரும்பிப் போக வேண்டுமென்றால் மாற்றக் கோரிக்கைப் படிவம் நிரப்ப வேண்டும்.

இந்த ஏற்பாட்டை முட்டாள்தனமானது என்று நான் சொல்ல மாட்டேன். விலை தெரிகிறது, நாள் தெரிகிறது, எது கிடைக்கும் என்று காகிதத்தில் இருக்கிறது. கடை நடத்துகிறவருக்கு மென்பொருளைப் பற்றி அதற்கு மேல் யோசிக்க நேரம் கிடையாது. எனினும் இந்த அடுக்குமுறையின் மூலமாகப் பலரும் காட்டும் வின்ஸ்டன் ராய்ஸின் 1970ஆம் ஆண்டுக் கட்டுரையே, கட்டம் கட்டமாக ஒரே திசையில் இறங்கும் படத்தை வரைந்துவிட்டு, இப்படியே செயல்படுத்துவது ஆபத்தானது, தோல்வியை வரவழைப்பது என்று எச்சரிக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். சோதனை கடைசியில் வருவதால், அங்கே தெரியவரும் பிழை வடிவமைப்பையும் தேவைகளையும் சேர்த்தே புரட்டிப் போட்டுவிடும் என்பது அவருடைய கவலை. படத்தை எடுத்துக்கொண்டவர்கள் எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

தேவைகள் ஆவணத்தில் நம் கதைக்கு வேண்டிய வரி ஒன்றே: "ஒரு முன்பதிவில் அதிகபட்சம் எட்டுப் பேர்." 2020 டிசம்பர் 28 அன்று மூன்றாம் கட்டத் தளர்வு தொடங்கியதிலிருந்து எட்டுப் பேர் வரை கூடலாம் என்பதே விதி. ஆவணம் எழுதப்பட்டபோது அந்த எண் சரியாகவே இருந்தது. நிலைமை மேலும் தளருமே தவிர இறுகாது என்று எல்லோரும் எதிர்பார்த்த நாட்கள் அவை.

ஒரு மாற்றக் கோரிக்கையின் பயணம்

எண் ஐந்தாகக் குறைகிறது என்ற அறிவிப்பு மே 4 அன்று வந்தது. மே 8 முதல் நடப்புக்கு வந்தது. உணவக மேலாளர் மே 5 அன்றே மாற்றக் கோரிக்கையை அனுப்பிவிட்டார். ஒப்பந்தப்படி நிறுவனம் முதலில் பாதிப்பை ஆராய வேண்டும், பிறகு விலை சொல்ல வேண்டும், உரிமையாளர் கையெழுத்திட வேண்டும், அதன் பிறகே நிரலாளர் கையில் வேலை சேரும், மாற்றியதைச் சோதித்து ஒப்படைக்க வேண்டும். எல்லாம் சேர்த்துப் பத்து வேலை நாட்கள். இடையில் நோன்புப் பெருநாள் விடுமுறையும் வந்ததால், பத்தாவது வேலை நாள் மே 20 அன்று முடிந்தது. ஆனால் மே 14 அன்று அடுத்த அறிவிப்பு வந்து, மே 16 முதல் உணவகங்களில் அமர்ந்து உண்பதே தடை செய்யப்பட்டுவிட்டது. எட்டை ஐந்தாக மாற்றும் வேலை முடிந்த நாளில் ஐந்து என்பதற்கே பொருளில்லை.

கோரிக்கைக்குச் சொல்லப்பட்ட மதிப்பு நான்கு ஆள்-நாள். ஒரு எண்ணை மாற்ற நான்கு நாளா என்று உரிமையாளர் கொதித்ததில் வியப்பில்லை. நிரலைத் திறந்து பார்த்தபோது நிறுவனம் ஏமாற்றவில்லை என்பது தெரிந்தது. முன்பதிவுப் பக்கத்தில் ஒன்று முதல் எட்டு வரை எண்களைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல், வழங்கியில் அதே எண்ணைச் சரிபார்க்கும் வரி, இரண்டு மேசைகளைச் சேர்த்துப் போடும் கணக்கு, வாடிக்கையாளருக்குப் போகும் குறுஞ்செய்தி வாசகம், மாத இறுதி அறிக்கை என்று ஐந்து இடங்களில் அந்த எட்டு தனித்தனியே எழுதப்பட்டிருந்தது. வழங்கியில் இருந்த வரி இது:

```
if (pax > 8) return ERR_MAX_PAX;
```

ஐந்து இடங்களிலும் மாற்ற வேண்டும். கையெழுத்தான சோதனைப் படிவங்களிலும் எட்டு என்றே இருப்பதால் அவற்றையும் திருத்தி மீண்டும் கையெழுத்து வாங்க வேண்டும். நிரலாளர் வேலை அரை நாள், மற்றதெல்லாம் நடைமுறை. மென்பொருள் இன்னும் ஒரு கிளைக்குக்கூட வந்து சேரவில்லை என்பதை வாசகர் மறந்துவிடக் கூடாது. யாருமே பயன்படுத்தாத ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாவது கோரிக்கை, அமர்ந்து உண்பதை நிறுத்திப் பொட்டலம் வாங்கிச் செல்வதை மட்டும் காட்டுவதற்கானது. மூன்றாவது, ஜூன் 10 அறிவிப்பின்படி ஜூன் 21 முதல் ஐந்து பேர் அமரலாம் என்பதற்கானது. ஆனால் ஜூன் 18 அன்று அந்த அறிவிப்பே திருத்தப்பட்டு, 21ஆம் தேதி முதல் இருவர் மட்டுமே என்றானது. நடப்புக்கே வராத ஒரு விதி மாறிவிட்டது. ஒப்புக்கொள்ளப்பட்ட கோரிக்கையைத் திருத்தினால் அது புதிய கோரிக்கையாகவே கருதப்படும் என்ற விதிப்படி நிறுவனம் நான்காவது படிவத்தைக் கேட்டது. என்னை அழைத்தது அந்த வாரத்தில்தான்.

வாட்டர்ஃபால் முறை எங்கே உடைகிறது என்பதை இந்த ஆறு வாரங்கள் அளந்தே காட்டுகின்றன. மாற்றம் வந்ததால் மட்டும் அது உடையவில்லை. எந்தப் பணியிலும் மாற்றம் வரும், அதற்காகத்தானே படிவம் இருக்கிறது. ஒரு மாற்றத்தைச் செய்து முடிக்க ஆகும் காலம் அடுத்த மாற்றம் வருவதற்கான இடைவெளியைவிட நீளும்போதுதான் அது உடைகிறது. இங்கே மாற்றச் சுற்று பத்து வேலை நாட்கள், அதாவது நாட்காட்டியில் குறைந்தது இரண்டு வாரம். முதல் இரண்டு விதிகளுக்கு இடையில் இருந்ததோ எட்டு நாள். செய்யும் வேலை எல்லாம் முடியும்போதே செத்துவிடும். இந்த இரண்டு நீளங்களையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு எந்தச் சிறப்புக் கருவியும் வேண்டாம். கடைசி மூன்று கோரிக்கைகள் எந்த நாளில் எழுந்தன, எந்த நாளில் முடிந்தன என்ற குறிப்பு இருந்தால் போதும். அதைப் பார்த்தபின், எஞ்சிய பணியை அதே ஒப்பந்தத்தில் தொடரலாம் என்று சொல்ல எனக்குக் காரணம் எதுவும் கிடைக்கவில்லை.

மாறியதும், அதற்கு வந்த எதிர்ப்பும்

மீதமிருந்த தொகையை மாதக் கட்டணமாக மாற்றுவது, இரண்டு நிரலாளர், ஒரு சோதனையாளர், ஒரு தேவை ஆய்வாளர் என்று நால்வர் குழுவை முழுநேரமும் இதற்கே ஒதுக்குவது, ஸ்பிரிண்ட் எனப்படும் ஒரு வார வேலைச் சுற்றுகளாக வேலை செய்வது, செவ்வாய்க்கிழமை காலையில் வெளியிடுவது என்று பேசினோம். செவ்வாய் என்பது கடையில் கூட்டம் குறைந்த நாள் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணமில்லை. ஏஜைல் முறைகளில் ஒன்றான ஸ்க்ரமில் ஒரு ஸ்பிரிண்ட் ஒரு மாதத்துக்கு மிகாமல் எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம். பெரும்பாலான குழுக்கள் இரண்டு வாரம் வைத்துக்கொள்கின்றன. இங்கே விதிகளின் வேகத்துக்கு இரண்டு வாரமே அதிகம்.

உரிமையாளருக்கு இது பிடிக்கவில்லை. "மொத்தம் எவ்வளவு ஆகும்னு சொல்லாம எப்படித் தம்பி கையெழுத்துப் போடறது?" என்று அவர் தேவை ஆய்வாளரிடம் கேட்டார். நியாயமான கேள்வி. ஏஜைலைப் பரிந்துரைப்பவர்கள் இந்தக் கேள்வியை அறியாமையின் அடையாளமாக எடுத்துக்கொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அது அவர்களுடைய அறியாமை. "அண்ணே, மாசத்துக்கு இவ்வளவுக்கு மேல போகாது. எந்த மாசக் கடைசியிலயும் நிறுத்திக்கலாம். நிறுத்தினா அதுவரைக்கும் செஞ்சது கடையில ஓடிட்டிருக்கும்" என்று ஆய்வாளர் சொன்ன பதிலில் மூன்றாவது வாக்கியம்தான் முக்கியமானது. பழைய ஒப்பந்தத்தை ஜூனில் நிறுத்தியிருந்தால் கையில் இருந்திருப்பது ஆவணங்களும் பாதி நிரலும் மட்டுமே. வாராவாரம் இயங்கும் மென்பொருளை ஒப்படைக்கும் முறையில், நிறுத்தும் உரிமைக்கு உண்மையான மதிப்பு இருக்கிறது. மொத்தத் தொகைக்கு உச்சவரம்பு தெரியாத குறையை அந்த உரிமை ஓரளவு ஈடு செய்கிறது. முழுமையாக ஈடு செய்யாது.

உணவகத்தின் சார்பில் முடிவெடுப்பவராக மேலாளர் நியமிக்கப்பட்டார். வியாழன் பிற்பகல் மூன்று மணிக்கு, மதிய உணவுக் கூட்டம் கலைந்து மாலைக் கூட்டம் தொடங்குமுன், குழு அந்த வாரம் செய்ததைக் காட்டும். அவர் அடுத்த வாரத்துக்கான வரிசையை முடிவு செய்வார்.

விதியை நிரலிலிருந்து வெளியே எடுத்தது

இந்த இடத்தில் ஒரு கணக்கு இடறியது. மே 14 அறிவிப்பு இரண்டு நாளில் நடப்புக்கு வந்தது. ஜூன் 18 அறிவிப்பு மூன்று நாளில் வந்தது. ஒரு வார ஸ்பிரிண்ட் அந்த இரண்டு நாளுக்குள் எப்படி அடங்கும்? ஸ்பிரிண்ட் தொடங்கிய பின் நடுவில் புது வேலையைத் திணிக்கக் கூடாது என்பதுதானே அந்த முறையின் ஒழுங்கு. ஒவ்வோர் அறிவிப்புக்கும் ஸ்பிரிண்ட்டைக் கலைத்தால் குழு வேறு எதையும் முடிக்காது. ஏஜைலுக்கு மாறினால் மாறும் தேவைகளைச் சமாளிக்கலாம் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்பவர்கள் இந்த இரண்டு நாளைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

முதல் ஸ்பிரிண்ட்டின் திட்டமிடலில் மூத்த நிரலாளர் சுவரில் இதுவரையிலான அறிவிப்புகளை நாள்வாரியாக எழுதிப் போட்டார். மாறியவற்றை வரிசையாகப் பார்த்தபோது இரண்டு வகை மாற்றங்கள் இருப்பது புலப்பட்டது. எட்டு, ஐந்து, இரண்டு என்பது மதிப்பில் வரும் மாற்றம். விதியின் உருவம் அப்படியே இருக்கிறது, எண் மட்டும் வேறு. உருவமே மாறுவது அரிது. மதிப்பில் வரும் மாற்றத்தை நிரலாளர் செய்யவே கூடாது, மேலாளர் செய்ய வேண்டும் என்று முடிவானது. அதற்காக விதியை நிரலிலிருந்து எடுத்து ஓர் அட்டவணையில் வைத்தார்கள். செப்டம்பர் வரையிலான அதன் சுருக்கம் இது:

```
from        dine_in  max_pax  vacc_only
2021-06-21  Y        2        N
2021-07-12  Y        5        N
2021-07-19  Y        2        N
2021-07-22  N        0        N
2021-08-10  Y        5        Y
2021-09-27  Y        2        Y
```

கடைசி நெடுவரிசை முதலில் இல்லை. அதன் கதை பின்னால் வருகிறது. `from` என்பது விதி நடப்புக்கு வரும் நாள், `dine_in` அமர்ந்து உண்ணலாமா என்பது, `max_pax` அதிகபட்சம் எத்தனை பேர் என்பது, `vacc_only` தடுப்பூசி போட்டவர்களுக்கு மட்டுமா என்பது. மென்பொருள் வாடிக்கையாளர் பதிவு செய்யும் நாளைப் பார்க்காமல், அவர் சாப்பிட வரும் நாளைப் பார்த்து, அந்த நாளுக்குரிய வரியை எடுத்துக்கொள்ளும். அறிவிப்பு வந்த மாலையிலேயே மேலாளர் தன் கைப்பேசியிலிருந்து ஒரு வரி சேர்த்தால் போதும். நள்ளிரவில் யாரும் விழித்திருந்து எதையும் மாற்ற வேண்டாம்.

இந்த அட்டவணையை வாட்டர்ஃபாலிலும் செய்திருக்கலாமே என்று கேட்கலாம். செய்திருக்கலாம்தான். பிப்ரவரியில் யாராவது எட்டு என்ற எண் மாறக்கூடியது என்று ஊகித்திருந்தால் வடிவமைப்பிலேயே அது வந்திருக்கும். தேவை எங்கே மாறும் என்பது மாறத் தொடங்கிய பிறகே தெரிகிறது, தெரிந்ததும் வடிவமைப்பைத் திருத்த ஒப்பந்தம் இடம் தர வேண்டும் என்பதே இரண்டு முறைகளுக்கும் இடையிலான வேறுபாடு. 2001 பிப்ரவரியில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கூடிய பதினேழு பேர் வெளியிட்ட ஏஜைல் அறிக்கை, திட்டத்தைப் பின்பற்றுவதைவிட மாற்றத்துக்கு ஈடுகொடுப்பதை உயர்வாக மதிப்பதாகச் சொல்கிறது. அங்கே பேசப்படும் மாற்றத்தில் நிரலாளர்களின் சொந்த வடிவமைப்பும் அடங்கும் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

மேற்பார்வையாளரின் கேள்வி

ஒரு கிளைக்கு மட்டுமான, அலங்காரம் எதுவுமில்லாத முன்பதிவுப் பக்கம் ஜூலை 13 அன்று வெளியானது. முந்தைய நாள்தான் எண் ஐந்தாகியிருந்தது. அந்த வார வியாழன் கூட்டத்துக்கு மேலாளருடன், உணவு பரிமாறும் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் மேற்பார்வையாளரும் வந்திருந்தார். குழுவினர் அட்டவணையை மாற்றிக் காட்டினார்கள். பக்கத்தில் எண் உடனே மாறியது. எல்லோரும் திருப்தியாக இருந்த நேரத்தில் அவர் கேட்டார்: "சரி, ஏற்கெனவே அஞ்சு பேருன்னு புக் பண்ணி வச்சவங்களுக்கு யாரு போன் பண்றது?"

யாருக்கும் பதில் தெரியவில்லை. ஐந்து பேர் அனுமதிக்கப்பட்ட காலத்தில் ஒருவர் அடுத்த வாரத்துக்குப் பதிவு செய்கிறார். அதற்குள் விதி இரண்டாகிறது. அவருடைய பதிவு மென்பொருளில் செல்லுபடியான பதிவாகவே கிடக்கும், அன்று மாலை ஐந்து பேரும் வாசலில் வந்து நிற்பார்கள், விதியை மீறினால் அபராதம் கடைக்கு. கையெழுத்தான தேவைகள் ஆவணத்தில் இதைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. ஆவணம் எழுதிய கூட்டங்களில் மேற்பார்வையாளர் இருக்கவில்லை. இருந்திருந்தாலும் காகிதத்தைப் பார்த்து இந்தக் கேள்வி எழுந்திருக்குமா என்பது எனக்கு ஐயமே. எண் திரையில் மாறுவதைக் கண்ணால் கண்டதுதான் அவருக்கு வாசலில் நிற்கும் ஐவரை நினைவூட்டியது. பழைய முறையில் அவர் திரையைப் பார்த்திருக்கக்கூடிய முதல் தருணம், எல்லாம் கட்டி முடித்தபின் வரும் பயனர் சோதனை.

புது வரி சேர்த்தவுடன் அதற்குப் பொருந்தாத பதிவுகளையெல்லாம் தொலைபேசி எண்ணோடு பட்டியலிட்டுத் தரும் வசதி அடுத்த ஸ்பிரிண்ட்டில் சேர்க்கப்பட்டது. ஜூலை 20 அறிவிப்புக்கு அது தயாராக இருக்கவில்லை; அன்று ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை வேறு. மேலாளர் பழையபடி தாளில் எழுதி அழைத்தார். செப்டம்பர் 24, வெள்ளிக்கிழமை, 27 முதல் மீண்டும் இருவர் மட்டும் என்று அறிவிப்பு வந்தபோது வரி சேர்த்த உடனே பட்டியல் திரையில் இருந்தது, அன்றிரவே அழைப்புகள் தொடங்கிவிட்டன. அந்த வாரக் குழுவின் வேலை பொட்டலம் வாங்குவோருக்கான நேர ஒதுக்கீடு; அது தடைபடவே இல்லை.

செய்யாமல் விட்டவை

உருவமே மாறிய விதி முதன்முதலாக ஜூலை 16 அன்று வந்தது. 19ஆம் தேதி முதல் பொதுவாக இருவர், முழுமையாகத் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களாக இருந்து கடை அதைச் சரிபார்த்தால் ஐவர். அட்டவணையில் ஒரே எண்ணுக்குத்தான் இடமிருந்தது. இரண்டு எண்களைத் தாங்குமாறு மாற்ற மூன்று நாள் ஆகும் என்று குழு சொன்னது. மேலாளர் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார்: அட்டவணையில் இரண்டு, பக்கத்தில் "ஐவர் எனில் தொலைபேசியில் அழைக்கவும்" என்று ஒரு வரி, மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம். நான்காம் நாள், ஜூலை 20 அன்று, 22 முதல் அமர்ந்து உண்பதே மறுபடியும் நிற்கிறது என்ற அறிவிப்பு வந்தது. அந்த விதி உயிரோடு இருந்தது மூன்றே நாள்.

ஆகஸ்ட் 6 அறிவிப்பில் தடுப்பூசி நிபந்தனை வேறு வடிவில் திரும்பியது: 10ஆம் தேதி முதல் உணவகத்தில் அமர்வோர் அனைவரும் முழுமையாகத் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், ஐவர் வரை. இது நிலைக்கும் என்று மேலாளர் கணித்தார். அட்டவணையில் கடைசி நெடுவரிசை சேர்ந்தது அப்போதுதான். தடுப்பூசி விவரத்தை மென்பொருளில் சேமிக்கவும் இல்லை. பதிவு செய்பவர் ஒப்புதல் குறியிடுவார், வாசலில் ஊழியர் தடுப்பூசி நிலையைக் காட்டும் அரசின் ட்ரேஸ்டுகெதர் செயலியைப் பார்த்துச் சரிபார்ப்பார், அவ்வளவே. வாடிக்கையாளரின் மருத்துவ விவரத்தை வைத்துக்கொண்டு அதைப் பாதுகாக்கும் பொறுப்பையும் சுமப்பானேன் என்ற முடிவு, என் பார்வையில் அந்த ஆண்டின் மிக நல்ல முடிவு. நவம்பர் 10 முதல் ஒரே வீட்டில் வசிப்போர் என்றால் ஐவர் என்று வந்தபோது குழு நிரலில் எதையும் தொடவில்லை. பக்கத்தில் அறிவிப்பு வாசகம் மட்டும் மாறியது. நவம்பர் 22 அன்று வீட்டு நிபந்தனை விலக்கப்பட்டது.

ஏஜைல் என்றால் வேகமாகச் செய்வது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. இந்தப் பணியில் மிச்சமான பணத்தில் கணிசமான பகுதி, செய்யாமல் விட்டதால் மிச்சமானது. வாராவாரம் வரிசையை மாற்றும் உரிமை கடைக்காரர் கையில் இருந்ததாலேயே அது முடிந்தது. மாற்றக் கோரிக்கை முறையில் ஒரு விதியைச் செயல்படுத்துவதா என்ற கேள்வி எழுவதே இல்லை. ஆவணமும் விதியும் ஒத்துப்போக வேண்டும் என்பதால் படிவம் எழுதப்படுகிறது, எழுதப்பட்டது செய்யப்படுகிறது.

எல்லாம் சீராக நடந்துவிடவில்லை. அக்டோபரில் தீபாவளிக்கு முந்தைய பரபரப்பில் மேலாளர் இரண்டு வியாழன்கள் தொடர்ந்து வரவில்லை. குழு தானாகவே ஊகித்து, முன்பணம் வாங்கும் முறையை எழுதியது. பதிவை ரத்து செய்தால் முன்பணம் முழுதும் திரும்பும் என்று அவர்கள் எண்ணினார்கள். கடையின் வழக்கம் வேறு. முடிந்ததாகக் குறிக்கப்பட்ட வேலைகள் மீண்டும் திறக்கப்படத் தொடங்கின. முடிவெடுப்பவர் இல்லாத ஏஜைலைக் கண்டுகொள்ள இதுவே உறுதியான அடையாளம்: மென்பொருள் பிழையால் அல்லாமல் "நாங்கள் கேட்டது இதுவல்ல" என்பதால் வேலைகள் திரும்பி வரும். அப்படித் திரும்பி வருபவை வாரத்துக்கு ஒன்றிரண்டைத் தாண்டினால், ஸ்பிரிண்ட்டை நிறுத்திவிட்டு அந்த மனிதரைத் தேடிப் போவதே மேல். செலவும் முதலில் பேசிய தொகையைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு கூடியது. நான்கு மாற்றக் கோரிக்கைகளுக்குக் கேட்கப்பட்ட தொகையும் பழைய ஒப்பந்தத்தில் சேர்ந்திருக்கும் என்பதால் இந்த ஒப்பீடு கறாரானதல்ல.

வரி மாற்றம்: நாள் தெரிந்த தேவை

2022 பிப்ரவரி வரவுசெலவுத் திட்டத்தில், பொருள் சேவை வரி 2023 ஜனவரி 1 அன்று ஏழிலிருந்து எட்டு விழுக்காடாகவும், 2024 ஜனவரி 1 அன்று ஒன்பதாகவும் உயரும் என்று அறிவிக்கப்பட்டது. ரசீது எழுதும் பகுதியையும் அதற்குள் இதே குழு கட்டியிருந்தது. அதையும் ஸ்பிரிண்ட் ஸ்பிரிண்ட்டாகச் செய்யலாம் என்று குழு முன்மொழிந்தது. நான் மறுத்தேன், உரிமையாளரும் மறுத்தார்.

இந்தத் தேவையின் தன்மையே வேறு. நாள் பத்து மாதம் முன்பே தெரியும். எண் தெரியும். எப்படிக் கணக்கிட வேண்டும் என்பதற்கு உள்நாட்டு வருவாய் ஆணையத்தின் வழிகாட்டி இருக்கிறது. நூறு வெள்ளிச் சாப்பாட்டுக்குப் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்ந்து 110 வெள்ளி. அதன்மேல் ஏழு விழுக்காடு என்றால் 117.70, எட்டு என்றால் 118.80, ஒன்பது என்றால் 119.90. ஒரு சதம் தவறினாலும் தவறுதான். "இந்த வாரம் ஓரளவு சரியாக இருக்கட்டும், அடுத்த வாரம் மெருகேற்றலாம்" என்பதற்கு இதில் இடமில்லை, பயனரிடம் காட்டிக் கற்றுக்கொள்ளவும் எதுவுமில்லை.

சிக்கலான பகுதி ஒன்றுதான்: டிசம்பரில் முன்பணம் கட்டி, ஜனவரியில் நடக்கும் விருந்துகள். ஜனவரிக்கு முன் பெற்ற பணத்துக்கு ஏழு விழுக்காடு, எஞ்சியதற்கு எட்டு என்று ஒரே விருந்தில் இரண்டு வீதங்கள் வரும். இதைப் போன்ற எல்லாச் சேர்க்கைகளையும் கணக்காளரோடு அமர்ந்து முதலிலேயே எழுதி, ஒவ்வொன்றுக்கும் வர வேண்டிய தொகையைக் கையால் கணக்கிட்டு வைத்து, கையெழுத்து வாங்கி, அதன் பிறகே நிரலைத் தொட்டார்கள். நிரல் எழுதி முடித்து, அந்தத் தொகைகளோடு ஒப்பிட்டுச் சோதித்து, நவம்பரில் மூடினார்கள். பழைய வாட்டர்ஃபால்தான், நிர்ணயித்த விலையோடு. ஒரு மாற்றக் கோரிக்கைகூட வரவில்லை.

ஒரே கடை, ஒரே குழு, ஒரே மென்பொருள். ஆனால் தேவையை யார் எப்போது அறிவார் என்பது பகுதிக்குப் பகுதி வேறு. ஒரு பணியை முழுமையாக ஏஜைல் என்றோ வாட்டர்ஃபால் என்றோ முத்திரை குத்தும் ஒப்பந்தங்களில் இதற்கு இடம் கிடைப்பதில்லை. 2023இல் உணவகம் நிறுவனத்துடன் செய்துகொண்ட புதிய ஒப்பந்தம் இரண்டு இணைப்புகள் கொண்டது. வரி, ரசீது, கணக்குப் புத்தகத்துக்கு அனுப்பும் தரவு ஆகியவை நிர்ணயித்த விலையில் முதல் இணைப்பில் உள்ளன. முன்பதிவு, விருந்து, வாடிக்கையாளர் புள்ளித் திட்டம் ஆகியவை மாதக் கட்டணத்தில் இரண்டாவதில் உள்ளன. மேலாளர் வர முடியாத வியாழனுக்கு மேற்பார்வையாளர் முடிவெடுப்பார் என்று அதில் ஒரு விதியும் சேர்ந்திருக்கிறது. 2024 ஜனவரி 1 வரி உயர்வுக்கு ரசீதுப் பகுதியின் வீத அட்டவணையில் ஒரு வரி கூடியது. கணக்காளர் பழைய சோதனைத் தொகைகளை ஒன்பது விழுக்காட்டுக்குத் திருத்திக் கொடுத்தார்.